அரிசிக்கு ஒரு குற்றச்சாட்டு, வருகைக்கு ஒன்று

"விடுதியைச் சரிவர நிர்வகிக்காமல், அரிசி இருப்பில் முறைகேடு செய்து, மாணவர் எண்ணிக்கையை உயர்த்திக் காட்டி, அடிக்கடி அனுமதியின்றித் தலைமையிடத்தை விட்டு வெளியேறி, அரசுக்கு இழப்பு ஏற்படுத்தியுள்ளார்."

அரசு மாணவர் விடுதிக் காப்பாளர் ஒருவர் மீது இப்படி ஒரே வாக்கியத்தில் 17(பி) குறிப்பாணை வருவதாக வைத்துக்கொள்வோம். கற்பனைதான், ஆனால் அலுவலகங்களில் பழகிய நடை இது. படிக்கக் காரசாரமாக இருக்கும். விசாரணை அலுவலரின் மேசைக்குப் போனதும் சிக்கல் தொடங்கும். அரிசிக் குறைவுக்கு ஆதாரம் இருக்கிறது, வெளியேறியதற்கு இல்லை என்றால் அவர் என்ன எழுதுவார்? "பகுதியளவில் நிரூபணம்" என்றுதான். எந்தப் பகுதி என்ற சண்டை பிறகு நீதிமன்றம் வரை போகும்.

தமிழ்நாடு அரசுப் பணியாளர் ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகளில் பெருந்தண்டனைக்கு வழி செய்வது விதி 17(பி). குற்றச்சாட்டு திட்டவட்டமாக இருக்க வேண்டும், ஒவ்வொரு குற்றச்சாட்டும் எந்த நிகழ்வுகளை வைத்து எழுந்தது என்ற விவரமும் கூடவே தரப்பட வேண்டும் என்கிறது அது. அதனால்தான் குறிப்பாணையோடு இணைப்புகள் வருகின்றன. முதல் இணைப்பில் குற்றச்சாட்டுகள், இரண்டாவதில் அவற்றுக்கான நிகழ்வு விவரம், அடுத்தவற்றில் ஆவணங்களும் சாட்சிகளும்.

அந்த ஒற்றை வாக்கியத்தைப் பிரித்துப் பார்ப்போம். முதல் குற்றச்சாட்டு அரிசியைப் பற்றி மட்டும்: "12.8.2024 அன்று நடந்த தணிக்கையில் தங்கள் பொறுப்பிலிருந்த அரிசி 225 கிலோ குறைவாக இருந்தது. இதன் மூலம் இருப்பைப் பாதுகாக்கும் கடமையில் தவறியுள்ளீர்கள்." இவ்வளவு போதும். இதற்கான விவரம் இரண்டாம் இணைப்பில், அதே எண்ணின் கீழ் வர வேண்டும். தணிக்கை எத்தனை மணிக்குத் தொடங்கியது, இருப்புப் பதிவேட்டின் எந்தப் பக்கம் 640 கிலோ என்று காட்டியது, எடை போட்டபோது 415 கிலோ இருந்தது, யார் முன்னிலையில் எடை போட்டார்கள், காப்பாளர் அந்த அறிக்கையில் கையெழுத்திட்டாரா என்பதெல்லாம் இங்கே. மாணவர் கணக்கைப் பற்றி ஒரு சொல்லும் இதற்குள் நுழையக் கூடாது. அதே நாளில் வருகைப் பதிவேடு 58 பேர் என்றும், தலை எண்ணியபோது 41 பேர் என்றும் இருந்தது இரண்டாவது குற்றச்சாட்டு. அதற்குத் தனி விவரம், தனிப் பதிவேடு, தனிச் சாட்சி.

மூன்றாவதாக எழுத உட்காரும்போதுதான் உண்மை வெளியே வரும். "அடிக்கடி வெளியேறினார்" என்பதற்குத் தேதி எங்கே? கோப்பில் ஒரு தேதிகூட இல்லையென்றால் அந்தக் குற்றச்சாட்டே இல்லை. தனித்தனியாக எழுதுவதன் பெரிய பயன் இதுதான் என்பேன்: ஆதாரமில்லாதது கும்பலோடு சேர்ந்து ஒளிந்துகொள்ள முடியாது. பிலாஸ்பூர்-ராய்ப்பூர் வட்டார கிராம வங்கி வழக்கில் 2011-ல் உச்ச நீதிமன்றம் அலுவலருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்ததும் இந்தக் குறைக்காகத்தான். கடன் வழங்கியதில் முறைகேடு என்றார்கள். எந்தக் கடன், எவ்வளவு தொகை என்ற விவரம் குற்றச்சாட்டில் இல்லை.

பிரித்து எழுதுவது துறைக்கும் பாதுகாப்பு. ஒரிசாவில் ஒரு சார்பதிவாளர் மீதான வழக்கில் சில முடிவுகள் நிற்காது என்று உயர் நீதிமன்றம் கருதியது. தண்டனையைத் தாங்கும் அளவுக்கு ஒரு குற்றச்சாட்டு நிரூபணமாகியிருந்தால் அதுவே போதும் என்றது உச்ச நீதிமன்றம். நம் காப்பாளர் வழக்கில் வருகைக் கணக்கு விழுந்தாலும், அரிசிக் குறைவு தன் காலில் நிற்கும்.

பிரிக்கிறேன் பேர்வழி என்று ஒரே செயலை இரண்டாக அறுப்பதும் உண்டு. அதே 225 கிலோவுக்கு ஒரு குற்றச்சாட்டில் "கவனக்குறைவு", அடுத்ததில் "கையாடல்" என்று போடுவார்கள். கவனக்குறைவால் குறைந்ததா, எடுத்து விற்றாரா? விற்றதற்குச் சாட்சி இல்லையென்றால் கையாடல் என்ற சொல்லைத் தொடாமல் இருப்பதே நல்லது. "கையாடல் செய்தது நிரூபணமாகியுள்ளது" என்று குறிப்பாணையிலேயே எழுதுவது இன்னும் மோசம். முடிவெடுத்துவிட்டுத்தான் விளக்கம் கேட்கிறார்கள் என்று வாதிட அந்த ஒரு வரி போதும்.

பல குறிப்பாணைகளின் கடைசியில் வழக்கமாக ஒன்று வரும்: "மேற்கண்ட செயல்களால் அரசு ஊழியர் நடத்தை விதி 20-ஐ மீறியுள்ளீர்கள்." நேர்மையும் கடமையில் ஈடுபாடும் வேண்டும் என்பது அந்த விதி. அதைத் தனி எண் போட்டு எழுதினால் எண்ணிக்கை கூடும், கனம் கூடாது. அதற்கென்று தனி நிகழ்வு எதுவும் இல்லாததால், முன்னால் உள்ளவை விழுந்தால் இதுவும் சேர்ந்து விழும். விதியின் எண்ணை ஒவ்வொரு குற்றச்சாட்டின் இறுதியிலும் சேர்த்துவிட்டால் அந்த நான்காவது குற்றச்சாட்டு தேவைப்படாது.