பயோடேட்டாவில் உங்கள் ஆங்கிலம்: உள்ளதை எப்படி எழுதுவது?

தமிழ்வழியில் படித்த பலரின் பயோடேட்டாவில் 'தெரிந்த மொழிகள்' என்ற பகுதி ஒரே மாதிரிதான் இருக்கும். தமிழ், ஆங்கிலம் என்று இரண்டு வரி. எதிரே எழுத, படிக்க, பேச என்று மூன்று டிக். துணிந்தவர்கள் 'ஃப்ளூயன்ட்' என்று போடுவார்கள். தயங்குகிறவர்கள் 'ஆவரேஜ்' என்பார்கள். இவை எதிலிருந்தும் அந்த ஆள் ஆங்கிலத்தில் எதைச் சமாளிப்பார் என்பது வேலைக்கு எடுப்பவருக்குத் தெரியாது.

அவர் தெரிந்துகொள்ளும் வழி எளிது: போன் செய்வார். 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்ற கேள்விக்கு மனப்பாடப் பதில் ஓடிவிடும். 'நேற்று ஆபீஸில் என்ன வேலை செய்தீர்கள்?' என்ற அடுத்த கேள்வியில் பேச்சு நின்றுவிடும். ஃப்ளூயன்ட் என்று எழுதியவர் இப்படித் தடுமாறினால் சந்தேகம் ஆங்கிலத்தோடு நிற்காது. டேலி தெரியும், எக்ஸெல் தெரியும் என்று எழுதிய வரிகள் மீதும் அது விழும்.

சரி, நம் நிலையை எப்படி அறிவது? பள்ளி, கல்லூரி மதிப்பெண் உதவாது. அது பெரும்பாலும் எழுத்தை அளந்தது. இதற்கு ஐரோப்பிய கவுன்சில் 2001-ல் வெளியிட்ட அளவுகோல் ஒன்று உண்டு. ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகள். கேட்பது, படிப்பது, பேசுவது, எழுதுவது ஒவ்வொன்றையும் அது தனித்தனியாகப் பார்க்கிறது. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு இந்தப் பிரிவினை மிக முக்கியம். ஆங்கில மெயிலை நன்றாகப் புரிந்துகொள்பவருக்கும் பேச்சு அந்த அளவுக்கு வராமல் இருக்கலாம்.

பேச்சில் பலரும் மூன்று படிகளுக்குள் அடங்குவார்கள். பழகிய விஷயத்தில் சின்னக் கேள்விக்குச் சின்னப் பதில் சொல்லி, உரையாடலைத் தானாக நகர்த்த முடியாவிட்டால் ஏ2. தெரிந்த விஷயத்தில் முன்தயாரிப்பு இல்லாமலே கலந்துகொண்டு, நடந்ததை வரிசையாகச் சொல்ல முடிந்தால் பி1. எதிரில் இருப்பவருக்கும் தனக்கும் சிரமமில்லாமல் பேச்சைத் தொடர்ந்து, தன் கருத்துக்குக் காரணம் காட்டி வாதிடவும் முடிந்தால் பி2.

சோதிக்க ஒரு வழி: நேற்றைய வேலையைப் பற்றி இரண்டு நிமிடம் ஆங்கிலத்தில் பேசி மொபைலில் பதிவு செய்யுங்கள். குறிப்பு எதுவும் வேண்டாம். பிறகு நண்பர் ஒருவரை போனில் கூப்பிட்டு, அதிலிருந்தே குறுக்குக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். இலக்கணப் பிழைகளை எண்ண வேண்டாம். கேட்டவருக்குப் புரிந்ததா, எந்த இடத்தில் தமிழுக்குத் தாவினீர்கள் என்று மட்டும் பாருங்கள்.

ஓர் உதாரணம். திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் உதவி மெர்ச்சண்டைசராக இருக்கும் பி.காம். பட்டதாரி என்று வைத்துக்கொள்வோம். பள்ளிப் படிப்பு முழுக்கத் தமிழ்வழி. வெளிநாட்டு பையரின் மெயில்களைப் படித்துத் தானே பதில் போடுகிறார். சாம்பிள் எந்த நிலையில் இருக்கிறது, சரக்கு எப்போது கிளம்பும் என்று போனில் ஆங்கிலத்தில் சொல்லிவிடுவார். விலை பேசவோ, சரக்கு தாமதமானதற்குச் சமாதானம் சொல்லவோ வேண்டுமென்றால் மேனேஜரைக் கூப்பிடுவார். இவர் 'ஃப்ளூயன்ட்' என்றால் அது மிகை. 'ஆவரேஜ்' என்றால் தன்னையே குறைத்துக்கொள்வது.

அவர் மொழிப் பகுதியில் இப்படி எழுதலாம்: 'ஆங்கிலம்: வாசிப்பு பி2, எழுத்து பி1, பேச்சு பி1, சுயமதிப்பீடு.' தேர்வு எழுதி வாங்கிய சான்றிதழ் இல்லாதபோது 'சுயமதிப்பீடு' என்ற சொல் கட்டாயம் வேண்டும். பி1 என்றால் என்னவென்று தெரியாத முதலாளிகளும் உண்டு. அதனால் அனுபவப் பகுதியில் ஒரு வரி சேர்க்க வேண்டும்: 'சாம்பிள், ஷிப்மென்ட் நிலவரத்தை வெளிநாட்டு பையர்களுக்கு போனிலும் மெயிலிலும் ஆங்கிலத்தில் தெரிவித்து வருகிறேன்.' விலை பேசியதாக அதில் ஒரு வார்த்தையும் இல்லை என்பதைக் கவனியுங்கள். செய்யாததை எழுதாமல் விட்டதே அந்த வரியை நேர்மையாக்குகிறது. தன் பலவீனத்தைத் தனி வரியாக எழுத வேண்டியதில்லை. நேர்காணலில் கேட்டால் சொன்னால் போதும்.

இன்னொரு பொறி, வேறொருவர் எழுதிக் கொடுக்கும் அலங்கார ஆங்கிலம். உங்கள் வாயில் வராத சொல் பயோடேட்டாவில் இருந்தால் நேர்காணல் செய்பவர் அதிலேயே கேள்வியை ஆரம்பிக்கலாம். ஒவ்வொரு வரியையும் சத்தமாகப் படித்து, ஆங்கிலத்திலேயே விளக்கிப் பாருங்கள். விளக்க முடியாத வரியை எளிதாக்குங்கள்.

தமிழ்வழியில் படித்ததைக் குறிப்பிட வேண்டுமா? தனியார் வேலைக்குக் கேட்காவிட்டால் எழுத வேண்டியதில்லை. அதில் மறைப்பு எதுவும் இல்லை. தமிழ்நாடு அரசுப் பணியில் நிலைமை வேறு. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை தரும் சட்டம் 2010-ல் வந்தது. அதைக் கோருபவர் கல்வி நிலையத்திலிருந்து உரிய சான்றிதழ் வாங்கி வைத்திருக்க வேண்டும்.

பயோடேட்டாவை அனுப்புவதற்கு முன் ஒன்றை மட்டும் பாருங்கள்: ஆங்கிலம் பற்றி எழுதிய வரியைப் படித்துவிட்டு ஒருவர் அடுத்த நிமிடமே போன் செய்தால், அந்த வரி சொல்லும் அளவுக்கு உங்களால் பேச முடியுமா? முடியும் என்றால் அனுப்புங்கள். முடியாதென்றால் வரியைத் திருத்திவிட்டு அனுப்புங்கள்.