அளவு மாறாத முகப்புப் படம்

எலிவேஷன் வரைபடத்தை முப்பரிமாண மாடலாக்கிச் சாதாரண கேமராவில் பார்த்தால் அளவு குலையும். சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி கேமரா இருந்தால், 1 மீட்டர் முன்வந்த போர்ட்டிகோ தூண் 11 சதவீதம் பருத்துத் தெரியும்.

பிளெண்டரில் கேமரா வகையை Orthographic ஆக்கி, சுவருக்கு நேரெதிரே வையுங்கள். Orthographic Scale 12, பட அகலம் 2400 பிக்சல் என்றால் மீட்டருக்கு 200 பிக்சல், 2.1 மீட்டர் கதவு 420 பிக்சல் உயரம் வரவேண்டும். சன்ஷேடின் அடிப்பக்கம் துளி தெரிந்தாலும் கேமரா சாய்ந்திருக்கிறது.

இப்படி எடுத்த படம் தட்டையாகத்தான் இருக்கும். ஆழத்தைக் காட்டுவது நிழல் மட்டுமே. முன்பார்வையிலும் மேல்பார்வையிலும் 45 பாகையில் வெயில் விழச் செய்தால், 60 செ.மீ. நீண்ட சன்ஷேடின் நிழல் சுவரில் 60 செ.மீ. இறங்கும். நீட்டத்தை நிழலிலேயே அளந்துகொள்ளலாம்.