சிறுமுகமும் தெளிவும்: அகலக் காட்சியில் முகத்தை மீள வரையும் முறை

தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர், தாம் எழுதிய சிறுவர் கதைநூலுக்காகக் கணினியில் உருவாக்கிய படம் ஒன்றை அண்மையில் என்னிடம் காட்டினார். பால்மரத் தோட்டத்தின் நடுவே ஒரு செம்மண் பாதை. அதில் பாட்டி, தந்தை, சிறுவன் ஆகிய மூவர் நடந்து வருகின்றனர். மரப்பட்டையின் கீறல்களும் இலைகளின் ஊடே விழும் வெயிலும் நன்றாகவே அமைந்திருந்தன. ஆனால், அம்மூவருக்கும் முகம் என்று சொல்லத்தக்க ஒன்று இல்லை. கண் இருக்க வேண்டிய இடத்தில் கருந்தீற்றல். வாய் இருக்க வேண்டிய இடத்தில் சாய்ந்த ஒரு கோடு. முகத்தை மட்டும் அருகில் வைத்து உருவாக்கச் சொன்னால் அதே செயலி அழகாக வரைகிறது. ஆளை முழுமையாகக் காட்டச் சொன்னால் மட்டும் ஏன் இவ்வாறு சிதைகிறது என்று அவர் வினவினார். அவ்வினாவுக்கான விடையும், அக்குறையை நீக்கும் முறையும், அம்முறையின் எல்லையும் இக்கட்டுரையின் பொருளாகும்.

சிதைவின் காரணம்

அவ்வாசிரியர் பயன்படுத்தியது 2022-ஆம் ஆண்டு வெளிவந்த ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்னும் படவாக்க மாதிரியாகும். இம்மாதிரி படத்தைப் படப்புள்ளிகளாக நேரே வரைவதில்லை. முதலில் மிகச் சுருங்கிய ஒரு வடிவத்தில் வரைந்து, பின்னர் அதனைப் படமாக விரிக்கிறது. அச்சுருங்கிய வடிவத்தை உள்ளுறை வடிவம் என்று இங்கே குறிப்போம். படத்தில் எட்டுக்கு எட்டு என அமைந்த 64 படப்புள்ளிகள், உள்ளுறை வடிவத்தில் ஒரே ஒரு கட்டமாகின்றன. ஒவ்வொரு படப்புள்ளிக்கும் மூன்று நிற மதிப்புகள் உண்டு. ஆகவே 192 எண்கள் சொல்லும் செய்தியை நான்கே எண்கள் சுமக்கின்றன.

ஆசிரியரின் படம் 768 படப்புள்ளி அகலமும் 512 உயரமும் கொண்டது. அதில் பாட்டியின் முகம் ஏறத்தாழ 40 படப்புள்ளி அகலமே இருந்தது. எட்டால் வகுத்தால், உள்ளுறை வடிவத்தில் அது ஐந்து கட்டங்கள். ஒரு முகத்தின் அகலம் ஐந்து கண்களின் அகலத்துக்குச் சமம் என்பது ஓவியம் பயில்வோர் கற்கும் பழைய அளவை. அவ்வளவைப்படி பார்த்தால், பாட்டியின் ஒரு கண்ணுக்கு ஒரே ஒரு கட்டம் கிடைக்கிறது. இமை, வெண்விழி, கருவிழி, விழியில் படும் ஒளி ஆகிய அனைத்தையும் நான்கு எண்களுக்குள் அடக்க வேண்டியுள்ளது. அடங்காதபோது தீற்றல் பிறக்கிறது.

மரப்பட்டைக்கும் இதே நெருக்கடி உண்டு. ஆயினும் பட்டையின் கீறல் ஓரிரு படப்புள்ளி இடம் மாறினால் எவரும் அறியார். கண்மணி அவ்வளவு இடம் மாறினாலோ, பார்வை திரிந்து முகமே வேறாகிவிடுகிறது. பிழை எங்கும் உள்ளது. நாம் அதனை முகத்தில் மட்டும் காண்கிறோம்.

மீள வரையும் படிகள்

தீர்வு எளிய ஒரு கருத்தின்மேல் நிற்கிறது. முகத்துக்குக் கட்டங்கள் போதவில்லையென்றால், முகப்பகுதியை மட்டும் வெட்டியெடுத்துப் பெரிதாக்கி, பெரிய தாளில் வரைவது போல வரைந்து, மீண்டும் சிறிதாக்கி அதே இடத்தில் ஒட்டிவிடலாம். இதனைத் தானே செய்யும் துணைச்செயலிகள் உள. அவற்றுள் பலரும் அறிந்தது ADetailer. அதன் இயல்பான அளவுகளைக் கொண்டே பாட்டியின் முகத்தைப் பின்தொடர்வோம். எளிமைக்காக முகத்தை 40-க்கு 40 என்ற சதுரமாகக் கொள்வோம்.

முதலில், முகங்காண் மாதிரி ஒன்று படத்தைத் துழாவி, முகம் உள்ள இடத்தைச் சுற்றிக் கட்டம் இடுகிறது. அக்கட்டம் ஒவ்வொரு பக்கமும் சற்று விரிக்கப்பட்டு மறைப்பாகிறது; அதன் அகலத்தை 48 எனக் கொள்வோம். மறைப்பின் உட்பகுதியே மாற்றப்படும். அடுத்து, மறைப்பைச் சுற்றி 32 படப்புள்ளி அளவு சூழலும் சேர்த்து வெட்டப்படுகிறது. இப்போது துண்டு 112 அகலம் உடையது. இச்சூழல் மாறாது. ஆயினும் கழுத்து எப்பக்கம் திரும்பியுள்ளது, வெயில் எங்கிருந்து விழுகிறது என்பவற்றை மாதிரிக்கு அதுவே தெரிவிக்கிறது.

பின்னர் அத்துண்டு 512 அகலத்துக்குப் பெரிதாக்கப்படுகிறது. இது நான்கரை மடங்கிற்குச் சற்று மேல். 40 அகலமாக இருந்த முகம் இப்போது ஏறத்தாழ 183 அகலம் பெறுகிறது. உள்ளுறை வடிவத்தில் ஐந்து கட்டங்களாக இருந்தது இருபத்து மூன்று கட்டங்களாகிறது. ஒரு கண்ணுக்கு ஒன்றுக்குப் பதிலாக நான்கைந்து கட்டங்கள் குறுக்கே கிடைக்கின்றன. இமைக்கும் விழிக்கும் இப்போது தனித்தனி இடம் உண்டு.

இனி மாதிரி அத்துண்டின்மேல் ஓரளவு இரைச்சலைத் தூவி, அதனைப் படிப்படியாக நீக்கிக்கொண்டே முகத்தைப் புதிதாக வரைகிறது. எவ்வளவு இரைச்சல் என்பதைத் திரையில் Denoising strength என்னும் அளவு முடிவு செய்கிறது. இறுதியில் துண்டு மீண்டும் 112 அகலத்துக்குச் சுருக்கப்பட்டு, விளிம்பு மங்கலாக்கப்பட்ட மறைப்பின் வழியே பழைய இடத்தில் ஒட்டப்படுகிறது.

முகம் மீண்டும் 40 படப்புள்ளிக்கே சுருங்கிவிடுகிறதே, பயன் என்ன என்று மாணவர் கேட்கலாம். ஒழுங்காக வரைந்த கண்ணைச் சுருக்கினால் அது சிறிய கண்ணாகவே இருக்கும். தீற்றலாக வரைந்ததோ எந்த அளவிலும் தீற்றலே. ஆயினும் 40 படப்புள்ளி தாங்கும் நுட்பத்துக்கு எல்லை உண்டு; பாட்டியின் சுருக்கங்கள் அதில் நில்லா. அச்சுக்கு இது முதன்மையான செய்தி. அங்குலத்துக்கு 300 புள்ளி என்னும் வழக்கமான அச்சுத் தரத்தில், 768 படப்புள்ளிப் படம் ஆறரை சென்டிமீட்டர் அகலமே வரும். எனவே முழுப் படத்தையும் முதலில் இருமடங்காக்கி, அதன் பின்னரே முகத்தை மீள வரைதல் வேண்டும். அப்போது முகம் 80 படப்புள்ளி அகலத்தில் ஒட்டப்படும், சுருக்கங்களும் நிற்கும். வரிசையை மாற்றி, முகத்தை முதலில் திருத்திப் பின்னர் படத்தைப் பெரிதாக்கினால், 40 படப்புள்ளியில் எஞ்சியதே மங்கலாகப் பெருகும்.

பிழைகளும் அவற்றின் அடையாளமும்

இரைச்சல் அளவின் இயல்பு மதிப்பு 0.4. அதனை 0.2 என வைத்தால் தீற்றல் பெரும்பாலும் தீற்றலாகவே எஞ்சும். 0.7-க்கு மேல் ஏற்றினால் மாதிரி பழைய முகத்தைப் பொருட்படுத்தாது. உடல் பக்கவாட்டில் நடக்க, முகம் மட்டும் நம்மை நேரே நோக்கும். அதனினும் விந்தையான பிழை ஒன்று உண்டு. முழுக் காட்சிக்காக எழுதிய விவரிப்பையே முகத் துண்டுக்கும் கொடுத்தால், மாதிரி அத்துண்டையே ஒரு முழுப் படம் என்று கொண்டு, முகம் இருக்க வேண்டிய இடத்தில் தோட்டத்தில் நடக்கும் ஒரு சிறு உருவத்தை வரைந்துவிடக்கூடும்.

ஆசிரியரின் படத்தில் நேர்ந்தது வேறு. முதல் முயற்சியில் மூன்று முகங்களும் தெளிந்தன. ஆனால் பாட்டி இளம்பெண்ணாகிவிட்டார். மூன்று முகங்களுக்கும் ஒரே பொதுவான விவரிப்பு சென்றதே காரணம். அகவையைச் சொல்லாதவிடத்து, மாதிரி தனக்குப் பழகிய இளமுகத்தையே வரையும். இதனைத் தவிர்க்க ஒவ்வொரு முகத்துக்கும் தனி விவரிப்பை, இடையே குறியிட்டு எழுதலாம்:

```
wrinkled face of a Tamil grandmother, grey hair [SEP] face of a Tamil man, forty [SEP] face of a Tamil boy, eight
```

முகங்களை இடமிருந்து வலமாக எண்ணும்படி அமைப்பில் குறிக்கவும் வேண்டும். இல்லையேல் பாட்டிக்கு உரிய விவரிப்பு சிறுவனுக்குச் சென்றுவிடலாம். இரண்டாம் முயற்சியில் பாட்டி பாட்டியாகவே வந்தார்.

முகங்காண் மாதிரியும் பிழை செய்யும். சுவரில் தொங்கும் படத்தையோ மரத்தின் கணுவையோ முகமென்று கொண்டால், அங்கே ஒரு முகம் முளைக்கும். உறுதிநிலையின் இயல்பு மதிப்பாகிய 0.3-ஐச் சற்று உயர்த்தினால் இது குறையும். தொலைவில் உள்ள கூட்டத்தின் முகங்களை அப்படியே விட்டுவிடுதலே நன்று. தொலைவிலுள்ளவர் முகமும் கூர்மையாகத் தெரிந்தால் காட்சியின் ஆழம் கெடும்.

வரைதலும் மீட்டலும்

இதுகாறும் கூறியது, கற்பனை மாந்தரைப் பற்றியது. பாட்டியின் மெய்யான முகம் எது என்ற வினா அங்கே எழாது. இதே முறையை உண்மையான ஒளிப்படத்தின்மேல் செலுத்தும்போது நிலைமை முற்றிலும் மாறுகிறது.

எங்கள் குடும்பத்தில் பழைய குழுப்படம் ஒன்று உண்டு. பின்வரிசையில் நிற்கும் என் பெரியப்பாவின் முகம் அதில் ஒரு கடுகளவே தெரியும். உறவினர் ஒருவர் அன்போடு அதனைத் தெளிவாக்கி அனுப்பினார். விழி, மீசை, நெற்றிக் கோடு எல்லாம் துலங்கின. தொண்ணூறு அகவையை நெருங்கும் என் அத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, "இது யாரப்பா? எங்கண்ணன் இல்லையே" என்றார்.

அவர் கூறியதே சரி. இருபது படப்புள்ளியில் இல்லாத செய்தியை எந்தப் பெருக்கமும் தர இயலாது. மாதிரி தருவது, அத்தீற்றலுக்குப் பொருந்தக்கூடிய எண்ணற்ற முகங்களுள் ஒன்றை. அதுவும் தான் பயின்ற படங்களில் மிகுதியாகக் கண்ட வகையை. 2020-ஆம் ஆண்டு அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார் பல்ஸ் என்னும் செயலியை வெளியிட்டனர். அதன் நெறி வேறாயினும் இயல்பு இதுவே. பராக் ஒபாமாவின் மங்கலான சிறுபடத்தை அதில் இட்டபோது வெள்ளையர் ஒருவரின் தெளிவான முகம் வெளிவந்தது. அது பெரும் விவாதத்துக்கு உள்ளாயிற்று. அம்முகம் கூர்மையானது, ஆனால் பொய்யானது.

நம் ஏட்டுச்சுவடிப் பதிப்பாசிரியர்க்கு இச்சிக்கல் புதிதன்று. செல்லரித்த இடத்தில் என்ன சொல் இருந்திருக்கும் என்று யாப்பையும் பொருளையும் கொண்டு அவர்கள் ஊகித்ததுண்டு. ஆனால் நல்ல பதிப்பாசிரியர், சிதைந்த இடத்தைப் புள்ளியிட்டுக் காட்டினார். ஊகித்த சொல்லை ஊகம் என்றே குறித்தார். ஊகம் மூலத்தோடு கலந்துவிட்டால், பின்வருவோர் அதனைப் பிரித்தறிய வழியில்லை. மீள வரைந்த முகம் எவ்விதக் குறியுமின்றி மூலத்தோடு கலந்துவிடுகிறது என்பதே இங்குள்ள இடர்.

ஆகவே வகுப்பறையில் இம்முறையைக் கையாளும் ஆசிரியரும் மாணவரும் ஒரு வேறுபாட்டை மனத்திற்கொள்ளுதல் வேண்டும். கதைக்கு வரைந்த படத்தில் இது திருத்தம். பள்ளி வரலாற்று மலரிலோ குடும்ப வரலாற்றிலோ இடம்பெறும் பழைய ஒளிப்படத்தில் இது புனைவு. அங்கே மூலப்படத்தை மாற்றாமல் பேணி, பெருக்கிய படம் வேண்டுமாயின் அதன் அடியில் "முகம் கணினியால் வரையப்பட்டது" என்று எழுதிவைத்தல் வேண்டும். என் பெரியப்பாவின் படத்தைப் பொறுத்தவரை, பழைய மங்கலான படத்தையே சட்டமிட்டு மீண்டும் சுவரில் மாட்டினோம். அத்தை தம் அண்ணனை அதில் உடனே சுட்டிக்காட்டிவிடுகிறார்.