'இந்த வாரத்துக்குள் கூப்பிடுகிறோம்' என்றவர் கூப்பிடாவிட்டால்

ஐ.டி. நிறுவனங்களில் வேலைக்கு ஆள் எடுக்கும்போது முதலில் வரும் தொலைபேசி அழைப்பு பெரும்பாலும் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். இப்போதைய சம்பளம் எவ்வளவு, எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள், நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள், சென்னைக்கு வரச் சம்மதமா என்று நாலைந்து கேள்விகள் கேட்பார்கள். கடைசியில் எச்.ஆர். பிரிவிலிருந்து பேசியவர், "உங்க ப்ரொஃபைல் நல்லா இருக்கு, இந்த வாரத்துக்குள்ள கூப்பிடறோம்" என்பார். வெள்ளிக்கிழமை மாலை வரை போன் அடிக்காது. மறுமுனையில் இருப்பவர் தன்னைத் தள்ளிவிட்டார்கள் என்று முடிவுகட்டி விடுவார்.

அந்த முடிவு பல நேரங்களில் தவறு. வாக்குக் கொடுத்த எச்.ஆருக்கு அதைக் காப்பாற்றும் அதிகாரம் இல்லை என்பதுதான் காரணம். அவர் செய்வது முதல் சல்லடை வேலை. தேறிய ஐந்தாறு பேரின் ரெஸ்யூமேயை, எந்த அணிக்கு ஆள் தேவையோ அந்த மேனேஜருக்கு அனுப்பிவைப்பார். அடுத்த சுற்றுக்கு யாரைக் கூப்பிடுவது என்று சொல்ல வேண்டியவர் அந்த மேனேஜர். அவருக்கோ வாடிக்கையாளருக்குத் தர வேண்டிய ரிலீஸ் இருக்கும். நேர்காணல் எடுக்க வேண்டிய சீனியர் விடுப்பில் இருப்பார். நிறுவனத்துக்குள்ளேயே புராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் இருப்பவர்களை முதலில் பாருங்கள் என்று மேலிடத்திலிருந்து சொல்லியிருக்கலாம். சில சமயம் அந்தப் பணியிடத்துக்கான அனுமதியே நிறுத்திவைக்கப்படும். இவற்றில் எதுவும் விண்ணப்பித்தவரின் தகுதியைப் பற்றியதல்ல. மேனேஜரிடமிருந்து பதில் வராத எச்.ஆருக்குச் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது, அதனால் கூப்பிடவும் மாட்டார்.

ஆகவே பின்தொடரும் மடல் எச்.ஆரிடம் கணக்குக் கேட்பதாக இருக்கக் கூடாது. அவர் மேனேஜரிடம் எடுத்துப்போய்க் காட்ட ஒரு காரணத்தைக் கொடுப்பதாக இருக்க வேண்டும். அனுபவமுள்ளவர்கள் இந்த வேலையை முதல் அழைப்பின் கடைசி நிமிடத்திலேயே தொடங்கிவிடுகிறார்கள். "சரிங்க மேடம், வெள்ளிக்கிழமை வரைக்கும் தகவல் வரலைன்னா செவ்வாய்க்கிழமை ஒரு மெயில் போடட்டுமா? எந்த ஐ.டி.க்குப் போடணும்?" என்று கேட்டுவிட்டால் நாளும் முகவரியும் கையில் வந்துவிடும். இதைக் கேட்காமல் விட்டவர்கள் பிறகு படும் பாடு தனி. அழைப்பு வந்தது அலுவலகத்தின் பொது எண்ணிலிருந்து. திரும்ப அடித்தால் பதிவு செய்த குரல்தான் கேட்கும்.

ஓர் உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம். கோவையில் நான்கு வருட அனுபவமுள்ள சாஃப்ட்வேர் டெஸ்டர் ஒருவர், புதன்கிழமை சென்னை நிறுவனம் ஒன்றின் எச்.ஆரிடம் பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அன்று மாலையே நன்றி சொல்லி இரண்டு வரி மெயில் போடுகிறார். அதில் வேலையின் பெயர், விளம்பரத்தில் இருந்த குறியீட்டு எண், பேசிய தேதி மூன்றும் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை அழைப்பு வரவில்லை. திங்கள் காலையை அவர் வேண்டுமென்றே விட்டுவிடுகிறார். வாரத் தொடக்கத்தில் எச்.ஆரின் மெயில் பெட்டி நிரம்பி வழியும். செவ்வாய் காலை, புதிதாக ஒரு மெயில் தொடங்காமல், பழைய நன்றி மெயிலுக்குக் கீழேயே பதில் எழுதுகிறார். யார் இவர் என்று தேட வேண்டிய வேலை அதனால் எச்.ஆருக்கு மிச்சமாகிறது.

மெயிலின் சாரம் இவ்வளவுதான்: 'டெஸ்டர் பணிக்காகப் போன புதன்கிழமை பேசினோம். இந்த வேலையில் எனக்கு ஆர்வம் தொடர்கிறது. அன்று 60 நாள் நோட்டீஸ் என்று சொல்லியிருந்தேன். 45 நாளில் விடுவிக்க என் மேனேஜர் ஒப்புக்கொண்டிருக்கிறார். இந்த வாரம் வியாழன், வெள்ளி மாலை 4 மணிக்கு மேல் அடுத்த சுற்றுக்கு வர முடியும். மேனேஜரிடமிருந்து தகவல் ஏதும் வந்திருக்கிறதா?' இதில் குறை சொல்லும் வரி எதுவும் இல்லை. ஒரே ஒரு கேள்வி இருக்கிறது, 45 நாள் என்ற புதிய தகவல் இருக்கிறது. சீக்கிரம் சேரக்கூடியவர் என்பது ஐ.டி. துறையில் கனமான செய்தி. எச்.ஆர். அந்த வரியை அப்படியே மேனேஜருக்கு அனுப்பிவிடலாம். ஆனால் மேனேஜர் உண்மையிலேயே ஒப்புக்கொண்டிருந்தால் மட்டுமே அதை எழுத வேண்டும். ஆஃபர் கொடுத்த பிறகு நோட்டீஸ் நாள் நீண்டால் ஆஃபரையே திரும்பப் பெறும் நிறுவனங்கள் உண்டு.

கையில் வேறொரு ஆஃபர் இருந்தால் அதையும் சொல்லலாம். எந்தத் தேதிக்குள் பதில் தர வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தத் தேதி மேனேஜரை அசைக்கும். இல்லாத ஆஃபரை இருப்பதாகச் சொல்வது ஆபத்து. அந்தக் கடிதத்தை அனுப்புங்கள் என்று எச்.ஆர். கேட்பது இங்கே சாதாரண நடைமுறை.

கன்சல்டன்சி வழியாக வந்த அழைப்பென்றால் கேள்வியே வேறு. பேசியவர் அந்த நிறுவனத்தின் ஊழியரல்ல. ரெஸ்யூமேயை அங்கே கொண்டுசேர்ப்பவர். அவரிடம் "செலக்ட் ஆயிட்டேனா?" என்று கேட்பதைவிட, "என் ப்ரொஃபைலை கம்பெனிக்கு அனுப்பிட்டீங்களா சார், என்னைக்கு அனுப்பினீங்க?" என்று கேட்பதே பயன் தரும். அனுப்பவே இல்லை என்ற பதில் வருவதும் உண்டு. அது தெரியாமல் பொறுமையிழந்து இன்னொரு கன்சல்டன்சி வழியாக அதே வேலைக்குப் போனால், ஒரே ரெஸ்யூமே இரண்டு பேரிடமிருந்து போய்ச் சேரும். யாருக்குக் கமிஷன் என்ற தகராறு எழும். அந்தச் சிக்கலே வேண்டாம் என்று ரெஸ்யூமேயை ஒதுக்கிவைக்கும் நிறுவனங்களும் இருக்கின்றன.

வரும் பதிலையும் படிக்கத் தெரிய வேண்டும். 'மேனேஜரின் கருத்துக்காகக் காத்திருக்கிறோம்' என்றால் கதவு திறந்திருக்கிறது. இன்னொரு வாரம் விடலாம். 'பணியிடம் ஹோல்டில் இருக்கிறது' என்றால் எப்போது திறக்கும் என்பது எச்.ஆருக்கே தெரியாது, மாதம் ஒருமுறை விசாரித்தால் போதும். பதிலே இல்லையென்றால் நிறுவனத்தின் வேலைவாய்ப்புப் பக்கத்தைப் பார்க்க வேண்டும். விளம்பரம் அப்படியே இருந்தால் தேடல் இன்னும் நடக்கலாம். எடுத்துவிட்டிருந்தால் ஆள் கிடைத்திருக்கலாம், அல்லது பணியிடம் ரத்தாகியிருக்கலாம்.

முதல் மெயிலுக்குப் பதில் இல்லாமல் ஒரு வாரம் போனால் இரண்டாவது மெயில் போடலாம். நேரடி எண் இருந்தால் வேலை நேரத்தில் ஒருமுறை கூப்பிடலாம். அதன் பிறகும் பதில் இல்லையென்றால் நிறுத்திக்கொள்வது நல்லது. தினமும் வாட்ஸ்அப்பில் 'எனி அப்டேட் சார்?' என்று அனுப்புவது எந்த மேனேஜரையும் அசைத்ததில்லை. எச்.ஆரைத் தாண்டி மேனேஜருக்கே நேராக எழுதுவதும், உதவ நினைக்கும் ஒரே ஆளைப் பகைத்துக்கொள்வதில் முடியக்கூடும். இந்தக் காத்திருப்பு நாட்களில் மற்ற நேர்காணல்களைத் தள்ளிப்போடவே கூடாது.

நிறுவனங்களிடமும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. விண்ணப்பங்களைக் கையாள அவர்கள் வைத்திருக்கும் மென்பொருள்கள் பலவற்றில், தேர்வாகாதவர்களுக்கு மொத்தமாக மெயில் அனுப்பும் வசதி ஏற்கெனவே இருக்கிறது. 'இந்த முறை இல்லை' என்ற ஒரு வரி வந்தால், கோவையில் காத்திருப்பவர் அடுத்த விண்ணப்பத்துக்குப் போய்விடுவார். தயவுசெய்து அந்த மெயிலை அனுப்புங்கள்.