ஐந்தாவது மாடிக்கு அனுமதி இருக்கிறதா?

அடுக்குமாடிக் குடியிருப்பு விளம்பரங்களின் அடியில் பொடி எழுத்தில் ஓர் எண் இருக்கும். TN என்றோ TNRERA என்றோ தொடங்கி, ஒரு வரிசை எண்ணும் ஆண்டுமாக முடியும். அது தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம் அந்தத் திட்டத்துக்குக் கொடுத்த பதிவு எண். அதைப் பார்த்ததும் பலர் ‘ரெரா இருக்கிறது, பிரச்சினை இல்லை’ என்று முன்பணத்துக்குக் காசோலை எழுதிவிடுகிறார்கள். ஆனால் அந்த எண்ணைத் தேடிப் போய், பதிவில் உள்ளதும் நமக்கு விற்கப்படுவதும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டால்தான் அதனால் பயன்.

2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி, பதிவு பெறாத திட்டத்தை விளம்பரப்படுத்தக் கூடாது, விற்கக் கூடாது, புக்கிங்கும் வாங்கக் கூடாது. ‘ப்ரீ லாஞ்ச் விலை’, ‘விருப்பத் தொகை’ என்று எந்தப் பெயர் வைத்தாலும் இதுதான் நிலை. ‘ரெராவுக்கு விண்ணப்பித்துவிட்டோம், அடுத்த மாதம் எண் வந்துவிடும்’ என்று பில்டர் சொன்னால், பணத்தையும் அடுத்த மாதமே கொடுக்கலாம்.

இதில் ஒரு விலக்கு உண்டு. நிலம் 500 சதுர மீட்டருக்கு மேற்படாமல் இருந்தாலோ, எல்லாக் கட்டங்களையும் சேர்த்து வீடுகள் எட்டுக்கு மேற்படாமல் இருந்தாலோ ரெரா பதிவு தேவையில்லை. நம் கணக்கில் 500 சதுர மீட்டர் என்பது இரண்டே கால் கிரவுண்டுக்குச் சற்றுக் குறைவு. ஆனால் இந்தச் சிறிய கட்டடங்களுக்கும் திட்ட அனுமதி, கட்டட அனுமதி பற்றிய விதிகள் பொருந்தும்.

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். சென்னைப் புறநகரில் நான்கு கிரவுண்டு, அதாவது 9,600 சதுர அடி நிலம். கீழே கார் நிறுத்துமிடம், மேலே ஐந்து மாடி, மாடிக்கு நான்கு வீடு என்கிறது கையேடு. எல்லா வீடுகளும் 1,200 சதுர அடி. விலை 72 லட்சம். ஐந்தாவது மாடி வீட்டுக்கு இரண்டு லட்சம் கொடுத்து புக் செய்யச் சொல்கிறார்கள். கையேட்டில் ரெரா எண்ணும் இருக்கிறது.

முதலில் rera.tn.gov.in தளத்துக்குப் போய், பதிவு பெற்ற திட்டங்களின் பட்டியலில் கட்டடங்களுக்கான பகுதியில் அந்த ஆண்டைத் திறக்க வேண்டும். எண்ணிலேயே ஒரு குறிப்பு உண்டு. நடுவில் Building அல்லது BLG என்றிருந்தால் கட்டடம். Layout அல்லது LO என்றிருந்தால் மனைப்பிரிவு. ஒரே நிறுவனம் மனைப்பிரிவுக்கு வாங்கிய எண்ணையோ, முதல் கட்டத்துக்கு வாங்கிய எண்ணையோ இன்னொரு கட்டடத்தின் விளம்பரத்தில் போட்டால் அது செல்லாது. பதிவு நிறுவனத்துக்குப் பொதுவாகக் கிடைப்பதில்லை. ஒவ்வொரு திட்டத்துக்கும், திட்டம் கட்டங்களாகப் பிரிந்தால் ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியே வேண்டும்.

நம் எடுத்துக்காட்டில் எண் சரியாகவே இருக்கிறது. நிறுவனத்தின் பெயரும் சர்வே எண்ணும் பொருந்துகின்றன. ஆனால் திட்ட விவரத்தில் ‘நான்கு மாடி, 16 வீடுகள்’ என்று இருக்கிறது. கையேட்டிலோ ஐந்து மாடி, 20 வீடுகள். நமக்குக் காட்டிய வீடு பதிவில் இல்லவே இல்லை.

அடுத்துக் கேட்க வேண்டியது திட்ட அனுமதிக் கடிதமும் அங்கீகரிக்கப்பட்ட வரைபடமும். சென்னைப் பெருநகர்ப் பகுதியில் இது சி.எம்.டி.ஏ.வின் அதிகாரத்தில் வரும்; மற்ற இடங்களில் டி.டி.சி.பி. எனப்படும் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அதிகாரத்தில். அதோடு மாநகராட்சியோ, நகராட்சியோ, ஊராட்சியோ தரும் கட்டட அனுமதியும் வேண்டும். விண்ணப்பம் கொடுத்ததற்கான எண் அனுமதி ஆகாது. வரைபடத்தில் நம் வீடு எந்த மாடியில், எந்த மூலையில் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

இங்கே பில்டர், ‘பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. வாங்கி ஐந்தாவது மாடிக்கு அனுமதி எடுத்துவிடுவோம்’ என்பார். சாலையின் அகலத்தைப் பொறுத்து, கட்டணம் செலுத்திக் கூடுதல் பரப்பு கட்ட விதியில் இடம் இருப்பது உண்மைதான். ஆனால் அந்த அனுமதி கைக்கு வந்து, ரெரா பதிவும் திருத்தப்படும் வரை அந்த வீட்டை அவர் விற்க முடியாது. அனுமதியின்றிக் கட்டினால், பணி நிறைவுச் சான்றிதழ் சிக்கலாகும். மின் இணைப்பு, குடிநீர் இணைப்பு எல்லாம் அதன் பின்னால் இழுபடும்.

‘சரி, எனக்கு நான்காவது மாடி போதும்’ என்று ஒதுங்கிக்கொண்டாலும் விஷயம் முடிவதில்லை. யு.டி.எஸ். எனப்படும் பிரிக்கப்படாத நிலப் பங்கைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 9,600 சதுர அடியை 16 வீடுகளுக்குப் பிரித்தால் வீட்டுக்கு 600 சதுர அடி வரும். 20 வீடுகளுக்குப் பிரித்தால் 480தான். கையேட்டில் மாடிகளின் எண்ணிக்கையைச் சொல்லாமல், யு.டி.எஸ். 480 என்று மட்டும் போட்டிருந்தாலும் இந்தக் கணக்கு காட்டிக் கொடுத்துவிடும். 480ஐ 16ஆல் பெருக்கினால் 7,680. மீதி 1,920 சதுர அடி எங்கே போகிறது? அனுமதி கிடைக்காத ஒரு மாடிக்காக அது ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கலாம். பதிவில் உள்ள நிலப்பரப்பையும் வீடுகளின் எண்ணிக்கையையும் வைத்து இதை வீட்டிலிருந்தே போட்டுவிடலாம். வீடுகளின் அளவு வேறுபட்டால், மொத்தக் கட்டடப் பரப்பில் நம் வீட்டின் பங்கு எவ்வளவோ, நிலத்திலும் ஏறக்குறைய அவ்வளவு வர வேண்டும்.

பதிவில் பார்க்க வேண்டிய இன்னொன்று, திட்டம் முடியும் தேதி. விற்பனையாளர் ‘அடுத்த தீபாவளிக்குச் சாவி’ என்பார். ஆணையத்திடம் அதே நிறுவனம் எந்தத் தேதியைச் சொல்லியிருக்கிறது என்று பாருங்கள். வாயால் சொன்ன தேதியைக் காட்டி நாளை வட்டியோ இழப்பீடோ கேட்பது கடினம். ஒப்பந்தத்தில் எழுதிய தேதிதான் நிற்கும். அதே தளத்தில் ஆணையத்தின் தீர்ப்புகளும் இருக்கின்றன. அவற்றில் நிறுவனத்தின் பெயரைத் தேடினால், முந்தைய திட்டங்களில் வாங்கியவர்கள் எதற்காக முறையிட்டார்கள் என்பது தெரியும்.

நிலம் யாருடையது என்பதை ரெரா பதிவு உறுதிசெய்துவிடுவதில்லை. tnreginet.gov.in தளத்தில் அந்த சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று எடுங்கள். நிலம் அடமானத்தில் இருந்தால் அதில் தெரியலாம். கூட்டுத் திட்டமாக இருந்தால், நிலத்தின் சொந்தக்காரர் பில்டருக்குக் கொடுத்த பொது அதிகார ஆவணத்தையும் கேட்டு வாங்கி, ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். ‘இந்த வங்கி கடன் தருகிறது’ என்பது அதற்கு மாற்றாகாது. வங்கி தன் கடனுக்கான பாதுகாப்பைத்தான் பார்க்கிறது.

எல்லாம் பொருந்தினால் பணம் கொடுக்கலாம். அதற்கும் வரம்பு உண்டு. விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்வதற்கு முன், வீட்டின் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது சட்டத்தின் 13ஆவது பிரிவு. 72 லட்சத்துக்கு அது 7 லட்சத்து 20 ஆயிரம். இரண்டு லட்சம் கொடுத்த பின், ‘பதினைந்து நாளில் இன்னும் பத்து லட்சம் கட்டினால்தான் ஒப்பந்தம்’ என்றால், அது சட்டத்தை மீறிய கோரிக்கை.

ரொக்கமாகக் கொடுக்க வேண்டாம். வாங்குபவர்களிடம் பெறும் பணத்தில் 70 சதவீதம் திட்டத்துக்கான தனி வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும் என்பதே சட்டம். கையில் கொடுத்த பணம் அந்தக் கணக்கைப் பார்க்காமலே போய்விடலாம். இரசீதில் ரெரா எண், மாடி, வீட்டு எண், கார்பெட் பரப்பு, யு.டி.எஸ்., புக்கிங்கை ரத்து செய்தால் எவ்வளவு திரும்பி வரும் என்பவை எழுத்தில் இருக்கட்டும்.

நம் எடுத்துக்காட்டில் பில்டரிடம் கேட்க வேண்டியது ஒரே வரி: ‘நான்காவது மாடி வீடு, யு.டி.எஸ். 600 சதுர அடி என்று எழுதித் தருகிறீர்களா?’ எழுதித் தந்தால் பேச்சைத் தொடரலாம். தயங்கினால், இரண்டு லட்சமும் நம் கணக்கிலேயே இருக்கட்டும்.