கண்ணுக்குத் தெரியாத கட்டம்: இஸ்லாமியக் கட்டடங்களின் நட்சத்திரப் பின்னல்களை வரைந்தது எப்படி?

ஃபதேபூர் சிக்ரி போயிருந்தால் அந்த நட்சத்திரப் பின்னல்களை போட்டோ எடுக்காமல் வந்திருக்க மாட்டீங்க. அதையே தாளில் வரைந்து பாருங்க. முதல் நட்சத்திரம் நன்றாக வரும். பக்கத்து நட்சத்திரத்தோடு கோடு சேராது.

ரகசியம் எப்படி வெளியே வந்தது?

ஆக்ராவில் வேலை பார்த்த பிரிட்டிஷ் பாக்டீரியா ஆய்வாளர் எர்னஸ்ட் ஹான்கின், ஃபதேபூர் சிக்ரியின் ஒரு பழைய குளியல் அறையில், சுவர்ப்பூச்சில் லேசான கீறல்களைக் கவனித்தார். அவை நட்சத்திரங்கள் அல்ல. ஒன்றையொன்று தொட்டு நிற்கும் பலகோணங்கள். கைவினைஞர் முதலில் போட்ட கட்டம் அது. இதை விளக்கும் அவரது நூலை இந்தியத் தொல்லியல் துறை 1925-ல் வெளியிட்டது.

நீங்களே வரைவது எப்படி?

10 செ.மீ. சதுரங்களால் ஆன கட்டம் போடுங்க. ஒரு சதுரத்தின் மூலைவிட்டத்தில் பாதி, அதாவது சுமார் 7.1 செ.மீ., அளவுக்கு காம்பஸைத் திறங்க. நான்கு மூலைகளிலும் ஊன்றி, பக்கங்களில் குறியுங்க. கிடைக்கும் எட்டுக் குறிகளைச் சேர்த்தால் எண்கோணம். எல்லாச் சதுரத்திலும் இப்படிச் செய்தால், நான்கு எண்கோணங்கள் கூடும் இடத்தில் சாய்ந்த சின்னச் சதுரம் தானாக உருவாகும்.

இப்போது ஒவ்வொரு பக்கத்தின் நடுப்புள்ளியிலிருந்தும், அந்தப் பக்கத்துக்கு 45 டிகிரி சாய்வில், இரு புறமும் X போலக் கோடுகளை இழுங்க. எண்கோணத்துக்குள் ஒவ்வொரு கோடும் ஒரு பக்கம் தள்ளி அடுத்த நடுப்புள்ளியில் முடியும். அங்கே எட்டு முனை நட்சத்திரம் வந்துவிடும். பலகோணங்களை அழித்துவிடுங்க, அவ்வளவுதான்.

கோடுகள் சேர்வதற்குக் காரணம் அந்த X. எல்லையைத் தாண்டும்போது கோடு வளைவதில்லை, நேராக அடுத்த கட்டத்துக்குள் போகிறது. எங்காவது எல்லையில் கோடு ஒடிந்தால், நடுப்புள்ளியோ கோணமோ தப்பு என்று அர்த்தம். ஒவ்வொரு சந்திப்பிலும் இரண்டு கோடுகள் மட்டுமே வெட்டுவதால், அவற்றைப் பட்டையாக்கி, மேலே, கீழே என மாற்றி மாற்றிப் பின்னலாம்.

கூரையில் தொங்கும் முகர்னாஸ்?

தேன்கூடு போல அடுக்கடுக்காக இறங்கும் அந்த வளைவுக்கும் தொடக்கம் தட்டையான வரைபடம்தான். ஈரானின் தக்த்-இ-சுலைமானில் கிடைத்த, 13-ம் நூற்றாண்டைச் சேர்ந்த, சுமார் 50 செ.மீ. சாந்துப் பலகையில் அப்படி ஒரு வரைபடம் கீறப்பட்டிருக்கிறது. சதுரங்களும் சாய்சதுரங்களும் கொண்ட அது, கூரையின் கால் பங்கு மட்டுமே. அதையே திருப்பித் திருப்பி வைத்தால் முழுக் கூரை.

ஆனால் எந்தத் துண்டு எந்த அடுக்கில் நிற்க வேண்டும் என்று பலகை சொல்லாது. அதை வாசிக்கத் தெரிய வேண்டும். ஒரே வரைபடத்திலிருந்து வெவ்வேறு கூரைகள் எழ முடியும் என்பதால், இடிந்துபோன முகர்னாஸை மீட்டு வரைவதில் இன்றும் கருத்து வேறுபாடு வருகிறது.