சங்கிலியின் பின்னலைப் பார்த்து வாங்குங்கள்

சிங்கப்பூர் தேக்காவில், சிராங்கூன் சாலை நெடுக நகைக்கடைகள் இருக்கின்றன. தோட்டத்திலிருந்து போகிற நாம் எத்தனை பவுன், கூலி எவ்வளவு என்று கேட்கிறோம். 916 முத்திரையையும் பார்க்கிறோம். அந்த முத்திரை, ஆயிரத்தில் 916 பங்கு தங்கம் என்று சொல்லும். சங்கிலி எத்தனை காலம் உழைக்கும் என்று சொல்லாது. அதைச் சொல்வது பின்னல்.

18 அங்குல நீளத்தில், 2 பவுனில், அதாவது 16 கிராமில், இரண்டு சங்கிலிகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று பாம்புச் சங்கிலி. இதில் தகடுகள் இடைவெளி இல்லாமல் நெருங்கிக் கோக்கப்பட்டிருக்கும். பார்க்க வழவழப்பாக இருக்கும். குனிந்து பால் வாளியைத் தூக்கும்போது அது எதிலாவது மாட்டிச் சட்டென்று மடிந்தால், அந்த இடத்தில் தகடுகள் நெளிந்துவிடும். பிறகு எவ்வளவு நீவினாலும் நேராகாது. விரலால் தடவினால் முள் போல ஒரு மேடு தட்டுப்படும். அறுந்து போனால் பத்தர் பொடி வைத்து ஊதிப் பற்றவைப்பார். ஆனால் பொடி உருகிப் பக்கத்துத் தகடுகளுக்குள்ளும் ஓடிவிடும். அந்த இடம் குச்சி போல விறைத்து, அடுத்த மடிப்பும் அதன் ஓரத்திலேயே விழும்.

மற்றொன்று கர்ப் செயின். வளையங்களை ஒரே பக்கமாகத் திருகித் தட்டையாகப் படிய வைத்திருப்பார்கள். முறுக்கிக்கொண்டாலும் உதறினால் பிரிந்துவிடும். ஒரு வளையம் தேய்ந்து அறுந்தால், அதை மட்டும் கழற்றிவிட்டுப் பக்கத்து வளையத்தைத் திறந்து மாட்டிப் பற்றவைக்கலாம். ஒரு வளையம் குறைந்தது கண்ணுக்கே தெரியாது. உழைக்கிறவர் கழுத்துக்கு இதையே நான் சொல்வேன்.

முறுக்குச் சங்கிலி, கயிறு போலத் திரித்தது. ஒவ்வொரு வளையமும் பல வளையங்களோடு பின்னியிருப்பதால், ஒன்று விட்டாலும் சங்கிலி உடனே விழாது; கெட்டியாகச் செய்ததானால் நல்ல பலம். ஆனால் நடுவில் அறுந்தால், முறுக்கு மாறாமல் ஒட்டவைப்பது நுட்பமான வேலை. ஒட்டின இடமும் கொஞ்சம் விறைப்பாகவே நிற்கும். பார்வைக்குப் பருமனாக இருந்து, கையில் எடுத்தால் லேசாக இருக்கிறதா? உள்ளே கூடாக இருக்கும். அது நசுங்கினால் நிமிர்த்துவது மிகக் கடினம்.

பெட்டிச் சங்கிலி இவற்றுக்கு நடுவில். சதுர வளையங்கள் நான்கு பக்கமும் வளைந்து கொடுக்கும். மெல்லியதாக வாங்கிப் பெரிய பதக்கத்தைத் தொங்கவிட்டால்தான் தொல்லை.

எந்தப் பின்னலானாலும் முதலில் தேய்வது பெரும்பாலும் கொக்கியை ஒட்டிய வளையமும், தாலியோ பதக்கமோ உரசுகிற இடமும்தான். மாதம் ஒரு முறை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வளையத்தின் உட்புறம் பள்ளமாகி, கம்பி மற்ற இடத்தைவிடப் பாதியாக மெலிந்திருந்தால், அறுகிற வரை காத்திராமல் பத்தரிடம் கொடுத்துவிடுங்கள்.